காது தரும் சொல், கை எழுதும் சொல்
(குறுக்கெழுத்தில் மயங்கொலிக் குறிப்புகள் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குறுக்கெழுத்துப் புதிரில் ஒரேயொரு வகைக் குறிப்பைப் பற்றி மட்டும் இன்று பேசப்போகிறேன். காதுக்கு ஒரு சொல்லாகக் கேட்கும். ஆனால் கட்டத்தில் எழுதவேண்டியது வேறு எழுத்துள்ள வேறொரு சொல்லாக இருக்கும். புலி என்று கேட்டு, புளி என்று எழுதுவது போன்றது. பள்ளிக்கூடத்தில் இவற்றை மயங்கொலிச் சொற்கள் என்று படித்திருக்கிறோம். தேர்வுக்காகப் படித்த அந்தப் பட்டியல், புதிர் அவிழ்ப்பவருக்கு எப்படிக் கருவியாகிறது என்பதே என் பேச்சு.

முதலில் இந்தக் குறிப்பு எந்த மரபில் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் என்பவர் அமைத்த முதல் குறுக்கெழுத்து வெளிவந்தது. அதில் இருந்தவை நேர்க் குறிப்புகள். பொருளைச் சொன்னால் சொல்லைச் சொல்லிவிடலாம். அடுத்த பத்தாண்டுகளில் அது இங்கிலாந்துக்குப் போனபோது வேறு உருவம் எடுத்தது. குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோல இருக்கும், உள்ளே இன்னொன்றை ஒளித்திருக்கும். இதைத்தான் கிரிப்டிக் குறுக்கெழுத்து என்கிறோம். இன்று தமிழிலும் இவ்வகைப் புதிர்களை ஆர்வத்தோடு அமைப்பவர்களும் அவிழ்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதில் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பாகம் உண்டு. ஒரு பாகம் விடையின் நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும், நடுவில் இருக்காது. மற்றப் பாகம், விடையின் எழுத்துகளுக்குப் போகும் வழி. அந்த வழி எழுத்துகளைக் கலைத்து அடுக்குவதாக இருக்கலாம், ஒரு சொல்லுக்குள் இன்னொன்றை நுழைப்பதாக இருக்கலாம், அல்லது இன்றைய நம் பொருளாகிய ஒலி வழியாக இருக்கலாம். ஒலி வழி என்றால் அதை அறிவிக்க ஒரு சொல் குறிப்புக்குள் கட்டாயம் இருக்கவேண்டும். 'காதில் விழும்', 'கேட்டால்', 'ஒலிக்கும்', 'வாய்விட்டுச் சொன்னால்', 'வானொலியில்', 'தொலைபேசியில்', 'மேடையில்' என்று ஓசையோடு தொடர்புள்ள எந்தச் சொல்லும் அந்த அறிவிப்பாக வரலாம்.

சிலேடையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காளமேகப் புலவரின் சிலேடைகளில் எழுத்து மாறாது, பொருள் மட்டும் இரண்டாகும். இங்கே நடப்பது வேறு. ஓசை ஒன்று, எழுத்து இரண்டு. அதனால்தான் சிலேடையில் வராத ஒரு சிக்கல் இதில் வருகிறது: இரண்டு எழுத்தில் எதைக் கட்டத்தில் போடுவது?

கரும்பலகையில் எழுதியிருக்கும் மூன்று குறிப்புகளைப் பாருங்கள்.

கொடிய விலங்குபோல் ஒலிக்கும் குழம்புச் சரக்கு (2)

குழம்புச் சரக்குபோல் ஒலிக்கும் கொடிய விலங்கு (2)

கொடிய விலங்கும் குழம்புச் சரக்கும் ஒன்றாய் ஒலிக்கும் (2)

அடைப்புக்குள் இருப்பது கட்டங்களின் எண்ணிக்கை. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர்மெய்யும் ஒரே கட்டம்தான். மூன்று குறிப்புகளிலும் புலியும் புளியும் இருக்கின்றன. முதற்குறிப்பின் விடை எது? புளி. ஏனென்றால் 'போல்' என்பது விலங்கோடு ஒட்டியிருக்கிறது. விலங்கின் பெயர்போல ஒலிப்பது எதுவோ அதுதான் விடை; அதன் பொருள் குழம்புச் சரக்கு. இரண்டாவதில் அதே காரணத்தால் விடை புலி. மூன்றாவதில் 'போல்' இல்லை, 'என்று' இல்லை. எது கேட்பது, எது எழுதுவது என்று சொல்ல வழியே இல்லை. அந்தக் குறிப்பை எவ்வளவு நேரம் பார்த்தாலும் விடை ஒன்றாகாது. அது தவறான குறிப்பு.

ஆக, ஒலிக் குறிப்பில் முதலில் கண்டுபிடிக்கவேண்டியது சொல்லை அல்ல, திசையை. இதில் தமிழ் நமக்கு நல்ல உதவி செய்கிறது. 'போல', 'என்று', 'ஆக' போன்றவை ஒரு பக்கத்தோடு மட்டுமே ஒட்டும். அவை எதன் பின்னால் நிற்கின்றனவோ அதுவே காதில் விழும் சொல். அவை இல்லாமல் 'கேட்ட', 'ஒலிக்கும்' போன்ற பெயரெச்சம் மட்டும் வந்தால், அது எந்தப் பெயரைத் தழுவுகிறதோ, அதாவது எந்தச் சொல்லின் முன்னால் நிற்கிறதோ, அதுவே காதில் விழும் சொல். இதோ ஒன்று:

வயலில் பறிக்கவேண்டியது, மேடையில் கேட்ட கைத்திறன் (2)

'மேடையில் கேட்ட' என்பது கைத்திறனைத் தழுவுகிறது. கைத்திறன் கலை. அதைக் கேட்டால் கிடைப்பது, வயலில் பறிக்கவேண்டிய களை. விடை களை. இந்தக் குறிப்பில் காற்புள்ளியும் உதவுகிறது. ஆனால் காற்புள்ளியை மட்டும் நம்பவேண்டாம். படிப்பவரைத் திசைதிருப்ப, வேண்டாத இடத்தில் காற்புள்ளி போடும் உரிமை புதிர் அமைப்பவருக்கு உண்டு. பெயரெச்சத்தையும் 'போல', 'என்று' போன்றவற்றையும் வைத்து அப்படி ஏமாற்ற முடியாது. அவை இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டவை.

திசை தெரிந்தபின் அடுத்த வேலை, குடும்பத்தை முழுதாக எழுதிப்பார்ப்பது. ஒலியின் குடும்பத்தைச் சொல்கிறேன். கலை என்று கண்டவுடன் களை, கழை என்று மூன்றையும் ஓரத்தில் எழுதிவிடவேண்டும். கழை என்றால் மூங்கில். வலி, வளி, வழி. தலை, தளை, தழை. இலை, இளை, இழை. 'காற்று என்று காதில் விழும் பாதை (2)' என்ற குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வளி, பாதை வழி. இந்தக் குடும்பத்தின் மூன்றாம் உறுப்பினராகிய வலி இதில் எங்கும் வரவில்லை. ஆனாலும் பலர் அவசரத்தில் வலி என்று எழுதிவிடுவார்கள். காற்று என்றதும் வளி நினைவுக்கு வந்து, 'ஒலியை மாற்றவேண்டும்' என்ற எண்ணத்தில் மிகப் பழகிய சொல்லைக் கை எழுதிவிடுகிறது. மூன்றையும் எழுதி, ஒன்றன் எதிரே 'கேட்பது' என்றும் ஒன்றன் எதிரே 'பொருள்' என்றும் குறித்தால் இந்தத் தவறு வராது.

குடும்பத்தை எழுதும்போது எந்த இடத்தில் எந்த எழுத்து வரமுடியாது என்பதையும் நினைவில் வைத்திருந்தால் வேலை பாதியாகும். ள, ழ, ற, ண, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. எனவே முதற்கட்டத்தில் இந்த மயக்கம் இல்லை. ழகரமும் ரகரமும் இரட்டிக்கா. ஆகையால் இரட்டித்து வரும் இடத்தில் போட்டி லகரத்துக்கும் ளகரத்துக்கும் மட்டும்தான்: பல்லி, பள்ளி. டகரத்துக்கு முன் ணகர மெய்தான், றகரத்துக்கு முன் னகர மெய்தான், தகரத்துக்கு முன் நகர மெய்தான்: கண்டு, கன்று, பந்து. அடுத்த கட்டத்தின் எழுத்து தெரிந்தாலே இந்த மூன்றில் எது என்று முடிவாகிவிடுகிறது.

இனி ஒரு குறிப்பை முழுதாக அவிழ்த்துக் காட்டுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

ஆட்டுக்கு முன் விலை கேட்டால் கபடி போல ஒன்று (5)

படித்தவுடன் சந்தை கண்முன் வருகிறது. ஆட்டை நிறுத்தி வைத்து ஒருவர் விலை கேட்கிறார். ஆனால் கபடி எங்கிருந்து வந்தது? ஒட்டாமல் நிற்கும் அந்தச் சொல்தான் நமக்கு முதல் பிடி. நேர்ப்பொருள் ஒரு ஓரத்தில் இருக்கவேண்டும் என்று சொன்னேன். 'கபடி போல ஒன்று' என்பது முடிவில் இருக்கிறது. அதை நேர்ப்பொருள் என்று வைத்துக்கொண்டால், மீதி 'ஆட்டுக்கு முன் விலை கேட்டால்'.

இப்போது சந்தையை மறந்துவிட்டு எழுத்துகளாகப் பாருங்கள். 'கேட்டால்' என்பது ஒலியை அறிவிக்கும் சொல். விலை கேட்பது அன்றாடப் பேச்சு என்பதால் நாம் அதை ஓசையாக நினைக்கவே மாட்டோம். புதிர் அமைப்பவர் ஒளிந்துகொண்டிருக்கும் இடம் அதுதான். விலை என்ற சொல் காதில் விழுந்தால் விலை, விளை, விழை என்று மூன்று கிடைக்கும். 'ஆட்டுக்கு முன்' என்றால் 'ஆட்டு' என்ற எழுத்துகளுக்கு முன்னால். ஆ, ட், டு என்று மூன்று கட்டம். விலையோ விளையோ விழையோ, எதுவானாலும் இரண்டு கட்டம். மொத்தம் ஐந்து. கணக்குச் சரி.

சேர்த்துப் பாருங்கள். ஐகாரத்தின் பின் ஆகாரம் வந்தால் நடுவில் யகர உடம்படுமெய் தோன்றும். ஆ என்பது யா ஆகும். கட்ட எண்ணிக்கை மாறாது. விலையாட்டு என்று ஒரு சொல் இல்லை. விழையாட்டும் இல்லை. விளையாட்டு உண்டு. கபடி போல ஒன்று விளையாட்டு. விடை கிடைத்துவிட்டது; அதோடு குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கும் சொல்லிவிட்டோம். எந்தச் சொல்லும் மிச்சமில்லை. சரியான விடைக்கு அடையாளம் இதுவே. விடை பொருந்தியும் குறிப்பில் ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால், விடையை மையில் எழுதாதீர்கள்.

இந்தக் குறிப்பில் ஒலி மயக்கம் சொல்லின் ஒரு பாகத்தில் மட்டும் இருக்கிறது. இப்படிப்பட்டவை முழுச்சொல் ஒலிக் குறிப்புகளைவிடப் பாதுகாப்பானவை. மூன்று வடிவங்களில் ஒன்றுக்குத்தான் அகராதியில் இடம் உண்டு; ஐயம் தானே தீர்ந்துவிடுகிறது. இரண்டெழுத்துச் சொற்களில்தான் குடும்பம் முழுதும் உயிரோடு இருந்து நம்மைத் திணறடிக்கும்.

தெரியாத பழஞ்சொல் வழியாக வரும் குறிப்பும் உண்டு. 'கடல் என்று காதில் விழும், சிறகுள்ளது (3)'. சிறகுள்ளது பறவை என்று எளிதில் தோன்றும். ஆனால் கடலுக்கும் பறவைக்கும் என்ன ஒலி உறவு? இங்கே பின்னாலிருந்து வரவேண்டும். பறவையின் உடன்பிறப்பை எழுதுங்கள்: பரவை. சுந்தரரின் துணைவியார் பரவையார் பெயராக அது நமக்குத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தால் பரவைக்குக் கடல் என்ற பொருள் இருக்கிறது. விடை பறவை. நேர்ப்பொருளிலிருந்து விடையை ஊகித்து, அதன் ஒலி உறவை எழுதி, அகராதியில் சரிபார்ப்பது முறையான வழிதான், குறுக்குவழி அல்ல.

அடுத்து, கட்டங்கள் செய்யும் உதவி. பறவையின் நடுக்கட்டத்தில் றகரமா ரகரமா என்பதுதான் ஐயம். அந்தக் கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழாக 'மறதி' என்ற சொல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மரதி என்று சொல் இல்லை. எனவே றகரம் உறுதி. ஆனால் அதே கட்டத்தின் வழியாக 'அறம்' போகிறது, அதன் குறிப்போ 'இரும்பைத் தேய்ப்பதுபோல் ஒலிக்கும் ஈகை முதலிய நற்செயல் (3)' என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பைத் தேய்ப்பது அரம். இரண்டு ஒலிக் குறிப்புகள் ஐயமுள்ள அதே கட்டத்தில் சந்திக்கின்றன. இரண்டின் திசையையும் தவறாகப் படித்தவர் பரவை, அரம் என்று எழுதினாலும் கட்டம் அழகாகப் பொருந்தும். தவறு கண்ணில் படவே படாது. ஆகவே புதிர் அமைப்பவர்களுக்கு ஒரு விதி சொல்லலாம்: ஐயமுள்ள கட்டத்தை, ஐயமில்லாத சொல்லால் வெட்டுங்கள். அவிழ்ப்பவர்களுக்கும் ஒரு விதி: இரண்டு ஒலிக் குறிப்புகள் ஒரே கட்டத்தில் சந்தித்தால், பொருத்தத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியே நிரூபியுங்கள்.

இதுவரை சொன்னவை அவிழ்க்கும் முறை. இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். 'இவை ஒன்றாய் ஒலிக்கின்றன' என்று நாம் சொல்வது எந்த அளவுக்கு உண்மை?

தமிழ் இலக்கணம் இந்த எழுத்துகளுக்குத் தனித்தனிப் பிறப்பிடம் சொல்லியிருக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல் இதற்காகவே அமைந்த இயல். நீங்களே இப்போது சொல்லிப் பாருங்கள். லகரத்துக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடுகிறது. ளகரத்துக்கு நாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ழகரத்துக்கு அதேபோல வளைகிறது, ஆனால் தொட்டு நிற்பதில்லை. அண்ணத்தை நெருங்கி நிற்க, காற்று தடையின்றி வெளியேறுகிறது. இப்படி மூன்றும் வேறு. நன்றாக உச்சரிக்கும் ஒருவரின் வாயில் புலியும் புளியும் ஒன்றல்ல. பிறகு எப்படி அவை ஒலி ஒற்றுமைக் குறிப்புக்கு உதவும்?

ஆங்கிலத்திலும் இந்தத் தகராறு உண்டு. தென் இங்கிலாந்து உச்சரிப்பில் சொல்லின் நடுவிலும் இறுதியிலும் பல இடங்களில் ரகர ஒலி மறைந்துவிடும். எனவே லண்டன்காரருக்குச் சுவைச்சாறாகிய 'சாஸ்' என்பதும் மூலத்தைக் குறிக்கும் 'சோர்ஸ்' என்பதும் ஒன்றாகவே கேட்கும். ஸ்காட்லாந்துக்காரரும் அமெரிக்கர்களில் பெரும்பாலோரும் அந்த ரகரத்தை ஒலிப்பவர்கள். அவர்களுக்கு இரண்டும் வேறு. லண்டன் புதிர் அமைப்பாளர் அவற்றை ஒன்றென்று சொன்னால் எடின்பரோவில் முகம் சுளிக்கிறார்கள்.

நம்மிடமும் வட்டாரத்துக்கு வட்டாரம் இது மாறுகிறது. தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் பலர் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுகிறது. அவர்களுக்கு வழியும் வளியும் ஒன்று. சென்னைப் பேச்சில் சிலரிடம் ழகரம் யகரமாகிறது. வாழைப்பழம் வாயப்பயம் ஆகிறது. அவர்களுக்கு வழியும் வளியும் கொஞ்சமும் ஒன்றல்ல. ரகர றகர வேறுபாட்டைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் காதால் கேட்கலாம்; தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அது மறைந்துவிட்டது.

இதை வைத்து ஒலி மயக்கத்தை நான் மூன்று படியாகப் பிரிக்கிறேன். முதற்படி, இன்று ஏறத்தாழ எல்லோர் வாயிலும் ஒன்றாகிவிட்டவை. நகரமும் னகரமும் இப்படி. முந்நாள் என்றால் மூன்று நாள். முன்னாள் என்றால் முந்தைய காலம். முந்நூறும் முன்னூறும் அவ்வாறே. ரகர றகரத்தையும் பெரும்பாலோர் அளவில் இதில் சேர்க்கலாம். இந்தப் படிக்கு 'ஒலிக்கும்', 'காதில் விழும்' என்ற சாதாரண அறிவிப்பே போதும்.

இரண்டாம் படி, கவனமாகப் பேசினால் வேறாகவும் அயர்ந்தால் ஒன்றாகவும் இருப்பவை. லகர ளகர ழகரம், ணகர னகரம் இவை. மணம், மனம், பணி, பனி, பாணம், பானம். இங்கே ஒலி ஒன்று என்று சொல்வது முழு உண்மையாகாது. மயங்குகிறது என்பதே உண்மை. ஆகவே அறிவிப்பும் அதைச் சொல்லவேண்டும். 'நாக்குப் பிறழ', 'குழற', 'மயங்கிக் கேட்க' என்று வந்தால் குறிப்பு நேர்மையாகிறது. கரும்பலகையில் நான் எழுதிய புலிக் குறிப்பையே இப்படித் திருத்தலாம்: 'கொடிய விலங்கு என்று நாக்குப் பிறழச் சொன்ன குழம்புச் சரக்கு'. விடை மாறவில்லை, ஆனால் திருத்தமாகப் பேசும் ஒருவர் இனி இந்தக் குறிப்போடு சண்டை போட முடியாது. அவிழ்ப்பவருக்கும் ஆதாயம் உண்டு. நாக்கைப் பற்றிய சொல் வந்தாலே ல, ள, ழ அல்லது ண, ன என்று தேடத் தொடங்கலாம்.

மூன்றாம் படி, எழுத்துத் தமிழில் ஒரு நாளும் ஒன்றாகாமல், பேச்சுத் தமிழில் மட்டும் ஒன்றாகுபவை. இதுதான் மிக வளமான இடம், இன்னும் அதிகம் உழப்படாத இடம். பேசும்போது நாம் இலை என்பதை எலை என்கிறோம், உடம்பை ஒடம்பு என்கிறோம். குறில் இகரமோ உகரமோ வந்து, அடுத்து இரட்டிக்காத ஒரு மெய்யும் அதன்மேல் அகரமோ ஐகாரமோ ஏறி வந்தால், இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. சொல்லின் கடைசியில் உள்ள ஐகாரமும் தேய்ந்து அகரம்போல ஆகிறது. விளைவு என்ன? குடையும் கொடையும் பேச்சில் ஒன்றே: கொட. துடையும் தொடையும் ஒன்றே: தொட. இடையும் எடையும் ஒன்றே: எட. ஒரு குறிப்பு பாருங்கள்:

பேச்சு வழக்கில் இடுப்பு, தராசு காட்டுவது (2)

இடுப்பு இடை. பேச்சு வழக்கில் அது எட. தராசு காட்டுவது எடை. விடை எடை. இதில் 'பேச்சு வழக்கில்' என்பதை எடுத்துவிட்டு 'ஒலிக்கும்' என்று மட்டும் போட்டிருந்தால், அவிழ்ப்பவர் இடை என்ற சொல்லை வைத்துக்கொண்டு ணகரமும் ளகரமும் தேடி அலைந்திருப்பார். அங்கே மாற்ற ஒன்றுமில்லை. அந்த அலைச்சல் அவர் குற்றமல்ல, அமைத்தவர் குற்றம். அறிவிப்புச் சொல்லிலேயே 'பேச்சு', 'வாய்மொழி', 'கொச்சை' என்ற சாடை இருந்தால், அவிழ்ப்பவர் மெய்யை விட்டுவிட்டு உயிரைப் பார்க்கவேண்டும். அதாவது இ, எ; உ, ஒ இவற்றை மாற்றிப் பார்க்கவேண்டும்.

ஆங்கிலப் புதிர் உலகில் அஃப்ரிட் என்ற புனைபெயரில் எழுதிய ஏ. எஃப். ரிச்சி 1949இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு நெறியை வகுத்தார். புதிர் அமைப்பவர் சொல்வதுபோலத் தோன்றுவதையே கருதியிருக்க வேண்டியதில்லை; ஆனால் அவர் கருதியது எதுவோ அது குறிப்பில் சொல்லப்பட்டிருக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஜிமினீஸ் என்ற பெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்னட் 1966இல் எழுதிய நூல் அந்த நெறியை விரிவாக வளர்த்தது. நான் சொன்ன மூன்று படிகளும் அந்த நெறியைத் தமிழ் ஒலிகளுக்குப் பொருத்துவதுதான். 'விலை கேட்டால்' என்று சொல்லிச் சந்தையைக் காட்டுவது நியாயமான மறைப்பு. ஏனென்றால் கேட்பது என்ற சொல் அங்கே இருக்கிறது; மயக்கமும் சொல்லின் ஒரு பாகத்தில் மட்டுமே என்பதால் தானே தீர்ந்துவிடுகிறது. பேச்சு வழக்கு ஒலியை வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் விடுவது மறைப்பு அல்ல, பொய்.

குறிப்பைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அமைப்பவர் தம் குறிப்பை வேறு வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரிடம் படித்துக் காட்டவேண்டும். மதுரைக்காரர் எழுதினால் நாகர்கோவில்காரரிடமும் சென்னைக்காரரிடமும் காட்டட்டும். 'எங்கள் ஊரில் இவை ஒன்றல்ல' என்று அவர் சொன்னால் குறிப்பைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அறிவிப்பை ஒரு படி இறக்கினால் போதும். 'ஒலிக்கும்' என்பதை 'மயங்கும்' ஆக்கினால் போதும். இரண்டாவதாக, நேர்ப்பொருள் விடைக்கு மட்டும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். 'நீக்கு' என்ற பொருளுக்குக் களை சரி. ஆனால் கழி என்பதும் அதே பொருள் தரும். கட்டத்தில் க மட்டும் விழுந்திருக்கும்போது 'நீக்கு' என்று மட்டும் எழுதினால் அவிழ்ப்பவர் இரண்டுக்கும் நடுவில் தொங்குவார். 'வயலில் பறிக்கவேண்டியது' என்று பொருளைக் கூர்மையாக்கினால் அந்தத் தொங்கல் இல்லை.

அவிழ்ப்பவர்களுக்கு முறையைத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஓசையைக் குறிக்கும் சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது எந்தப் பக்கத்தோடு ஒட்டுகிறது என்று பாருங்கள். ஒட்டிய பக்கத்துச் சொல்லைக் கண்டுபிடித்து, அதன் குடும்பத்தை முழுதாக எழுதுங்கள். மற்றப் பக்கத்துப் பொருளுக்கு எது பொருந்துகிறதோ அதைக் கட்டத்தில் போடுங்கள். பிறகு வெட்டும் சொல்லால் சரிபாருங்கள். காது தருவது பட்டியல் மட்டுமே. அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தருவது பொருள்.

புதிர் அமைக்க விரும்பும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. மயங்கொலிப் பட்டியல்கள் இலக்கண நூல்களில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றிலிருந்து இரண்டாம் படிக் குறிப்புகள் நிறையச் செய்யலாம். ஆனால் மூன்றாம் படிக்கு அச்சிட்ட பட்டியல் தேடவேண்டாம். உங்கள் வீட்டுப் பேச்சிலிருந்தும் தெருப் பேச்சிலிருந்தும் நீங்களே தொகுக்கலாம். குடை, கொடை போன்ற இணைகளைக் கேட்கும்போதெல்லாம் ஒரு குறிப்பேட்டில் வட்டாரப் பெயரோடு எழுதி வையுங்கள். ஒரு நூறு இணை சேர்ந்தால், தமிழ்க் குறுக்கெழுத்துக்கு ஆங்கிலத்திடம் கடன் வாங்காத ஒரு குறிப்பு வகை சொந்தமாகிவிடும். அந்தக் குறிப்பேட்டை இன்றே தொடங்குங்கள்.